வரனுக்கு அனுப்புற மெசேஜ்: தோழி வெட்டச் சொன்ன வரியை வெட்டணுமா?

கொடிமுல்லை:
வீட்ல பார்த்த வரன். பெண் பார்த்துட்டுப் போய் மூணு வாரம் ஆச்சு, வாட்ஸ்அப்ல பேசிட்டு இருக்கோம். நேத்து அவர் கேட்டது: "கல்யாணத்துக்கு அப்புறம் செலவு, சேவிங்ஸ் எல்லாம் எப்படி வச்சுக்கலாம்னு நினைக்கிறீங்க?" நான் எழுதி வச்ச பதில் இது:

"நீங்க கேட்டதுக்கு பதில். மாசம் 15,000 அம்மா அப்பாவுக்கு அனுப்பறேன். அப்பாவுக்கு பென்ஷன் இல்ல. கல்யாணத்துக்கு அப்புறமும் அனுப்புவேன். இதுல பிரச்சனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எனக்கு ஓகேதான்."

காலேஜ்ல இருந்து கூட இருக்கிற தோழிகிட்ட காட்டினேன். முக்கியமான எந்த மெசேஜையும் அவகிட்ட காட்டாம அனுப்பினதில்ல. அவ பணத்தைப் பத்தின வரி எல்லாத்தையும் எடுத்துட்டு இப்படி மாத்திக் குடுத்தா:

"செலவெல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து பேசி முடிவு பண்ணிக்கலாம். எனக்கு எல்லாத்துக்கும் ஓகேதான்." கூடவே ஒரு சிரிக்கிற எமோஜி.

நிச்சயம் முடிஞ்சதும் பணத்தைச் சொல்லிக்கலாமாம். இதுவரைக்கும் அவ சொன்னது எதுவும் தப்பாப் போனதில்ல. இந்த ஒரு தடவை மட்டும் கேக்க மனசு வரல. என்ன பண்ணட்டும்?

மதுரைக்காரி:
தோழி சொல்றதுதான் சரி தங்கச்சி. பணத்தை எழுத்துல போடாதீங்க. நீங்க அனுப்பின அஞ்சாவது நிமிஷம் அது ஸ்க்ரீன்ஷாட்டா அவங்க குடும்ப குரூப்ல இருக்கும். பெரியப்பா படிப்பார், நாத்தனார் படிப்பா, ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்லுவாங்க. என் கல்யாணத்துல எங்க அண்ணன் ரெண்டு வரியில அனுப்பின சாப்பாட்டு மெனுவே பெரிய பஞ்சாயத்து ஆச்சு.

நேர்வழி நாகு:
இதுல கேக்க என்ன இருக்கு? உங்க வாழ்க்கை, உங்க வார்த்தை. மூணாம் ஆள் திருத்தின மெசேஜ்னா அவர் பேசிட்டு இருக்கிறது உங்ககூடவா, உங்க தோழிகூடவா? முதல்ல எழுதினதை அப்படியே அனுப்புங்க. வேணும்னா ஒரு வரி சேருங்க: 2007ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல பிள்ளைகள்னா மகனும் மகளும் சேர்த்துத்தான். கல்யாணம் ஆயிட்டா மகளுக்குப் பொறுப்பு இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

புரூஃப் தாத்தா:
நாகு சொன்ன சட்டம் சரி. ஆனா கல்யாணம் பேசுற இடத்துல சட்டத்தை எழுதினா அன்னைக்கே பேச்சு முடிஞ்சுது. அவர் எதையும் மறுக்கல, எப்படி வச்சுக்கலாம்னுதான் கேட்டிருக்கார்.

வாரப் பத்திரிகையில 22 வருஷம் உதவி ஆசிரியரா இருந்தேன். "கதையோட கடைசிப் பக்கம் ஒட்டல"ன்னு வாசகர் கடிதம் வரும். எடுத்துப் பார்த்தா எங்கேயோ கோளாறு இருக்கும், அதுல வாசகர் ஏமாறுறதில்ல. ஆனா கோளாறு மூணாம் பக்கத்துல இருக்கும். அவர் சொல்ற மாதிரி கடைசிப் பக்கத்தை மாத்தினா கதை இன்னும் கெடும். உங்க தோழிக்கும் இதே கதைதான்னு நினைக்கிறேன். எதுவோ அவங்களை உறுத்தியிருக்கு, கையில கிடைச்ச பெரிய சாமானைத் தூக்கி வெளிய வச்சுட்டாங்க.

ஒண்ணு செஞ்சு பாருங்க. உங்க முதல் வரைவை மறுபடியும் அவங்களுக்கு அனுப்பி, நல்லா இருக்கான்னு கேக்காம, "இதைப் படிச்சா நான் என்ன சொல்ல வர்றேன்னு உனக்குப் புரியுது? உன் வார்த்தையில சொல்லு"ன்னு மட்டும் கேளுங்க. நல்லா இருக்கான்னு கேட்டா எல்லாரும் உடனே பேனாவை எடுத்துடுவாங்க. முன்கூட்டி விளக்கமும் சொல்லாதீங்க, அவருக்கு நீங்க பக்கத்துல உக்காந்து விளக்கப் போறதில்லையே.

தவிலூர் சிவா:
நான் நேரெதிர் அனுபவம் சொல்றேன். வீடு காலி பண்ணினப்ப அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு ஓனருக்கு ஒரு மெசேஜ் எழுதினேன். வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கிற நண்பன் அதைப் பார்த்துட்டு, "சாவி குடுத்த தேதியைப் போடு, எந்தத் தேதிக்குள்ள பணம் வேணும்னு போடு"ன்னான். ரொம்ப கறாரா இருக்குன்னு நினைச்சு ரெண்டையும் எடுத்துட்டு, "முடிஞ்சப்ப அனுப்புங்க சார்"னு போட்டேன். ஓனருக்கு முடிஞ்சது நாலு மாசம் கழிச்சு, அதுவும் பெயிண்ட் செலவு கழிச்சு. அதனால நண்பர் சொல்றதைத் தள்ளுறதுக்கு முன்னாடி யோசிங்க.

நேர்வழி நாகு:
சிவா, அது வாடகை. இது வாழ்க்கை.

புரூஃப் தாத்தா:
சிவா சொன்னதைத் தள்ள வேண்டாம். அவர் நண்பருக்கு அந்த விஷயம் தொழில். எந்த ஓனர் எந்த மெசேஜுக்கு எப்படி நழுவுவார்னு தினமும் பார்க்கிறவர். கொடிமுல்லையோட தோழிக்கு இந்த வரனைப் பத்தி என்ன தெரியும்? அவரை நேர்ல பார்த்திருக்காங்களா? உங்க பழைய மெசேஜ் எதையாவது படிச்சிருக்காங்களா, இல்ல இந்த ஒரு வரைவு மட்டும்தானா?

கொடிமுல்லை:
நேர்ல பார்த்ததில்ல. அவரோட அந்தக் கேள்வியையும் என் பதிலையும் மட்டும்தான் அனுப்பினேன்.

இன்னொண்ணு, சொல்லலாமான்னு தெரியல. போன வருஷம் அவளுக்கு ஒரு வரன் கிட்டத்தட்ட முடிஞ்சிருந்தது. தம்பி படிப்புச் செலவு தன்னோடதுன்னு பையன்கிட்ட சொன்னா. ஒரு வாரத்துல ஜாதகம் சரியில்லன்னு சொல்லிட்டாங்க.

மதுரைக்காரி:
அப்ப அடிபட்டவ சொல்றா. அதான் கேக்கணும்னு சொல்றேன்.

புரூஃப் தாத்தா:
அடிபட்டவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேக்கணும்தான். ஆனா போன வருஷம் தான் அனுப்பின மெசேஜை இப்ப உட்கார்ந்து திருத்துறாங்களோன்னு எனக்குத் தோணுது. கொடிமுல்லை, தோழி வரைவை அனுப்பி பணத்தை மறைச்சீங்கன்னு வச்சுக்கோங்க. நிச்சயத்துக்கு அப்புறம் எந்த நாள்ல, எந்த வாக்கியத்துல அதைச் சொல்லுவீங்க? அந்த மெசேஜை இப்பவே எழுதிப் பாருங்க. இன்னைக்கு எழுதுறதை விடக் கஷ்டமா இருந்தா, தோழி வேலையைத் தள்ளித்தான் வச்சிருக்காங்க. அதோட "எல்லாத்துக்கும் ஓகேதான்"னு உங்க பேர்ல ஒரு வரி ஏற்கெனவே அவர் போன்ல இருக்கும்.

ஈரோடு மணி:
எல்லாரும் ஒரு விஷயத்தை விட்டுட்டீங்க. அந்தப் பையன் எழுதினதை மூணாம் ஆளுக்குக் காட்டினது சரியா? நான் ஒரு பொண்ணுக்கு எழுதினது அவங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் தெரியும்னு பின்னாடி தெரிஞ்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மதுரைக்காரி அக்கா ஸ்க்ரீன்ஷாட்டுக்கு பயப்படுறாங்க, இங்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததே பொண்ணுதான்.

கொடிமுல்லை:
அந்த ஒரு கேள்விதான் அனுப்பினேன் மணி. அவர் வீட்டு விஷயம் சொன்னது எதையும் காட்டல. ஆனா நீங்க சொன்னதும் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கு.

தவிலூர் சிவா:
முழுசா காட்டாம எப்படி கருத்து சொல்லுவாங்க மணி? ரெண்டு பேரும் எவ்வளவு தூரம் நெருங்கியிருக்காங்க, கிண்டல் பண்ணிக்கிறாங்களா, ஒண்ணும் தெரியாம தொனியை எப்படித் தூக்கிப் பார்க்கிறது?

ஈரோடு மணி:
வாயால சொல்லலாமே. "இன்னும் நீங்க வாங்கன்னுதான் பேசிக்கிறோம், மரியாதையானவர்"னு சொன்னா போதாதா?

கொடிமுல்லை:
தாத்தா சொன்ன மாதிரி கேட்டுப் பார்த்தேன். அவ பதிலை அப்படியே தர்றேன்: "காசு விஷயத்துல பேச்சுக்கே இடமில்ல, பிடிக்கலன்னா வேற பொண்ணு பாத்துக்கோங்க, எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல."

நான் அப்படி நினைக்கவே இல்ல! "எனக்கு ஓகேதான்"னா இந்த சம்பந்தத்துல எனக்கு விருப்பம்தான்னு அர்த்தம்.

புரூஃப் தாத்தா:
வந்துச்சு பாருங்க மூணாம் பக்கம். "பிரச்சனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க"ன்னு எழுதிட்டு, அடுத்த வரியே "எனக்கு ஓகேதான்"னா, முறிஞ்சாலும் ஓகேன்னுதான் படிக்கத் தோணும். தோழிக்கு உறுத்தினது இந்த இடம். 15,000 பாவம், அது ஒண்ணும் பண்ணல. "நீங்க கேட்டதுக்கு பதில்"னு ஆரம்பிக்கிறது வேற ஆபீஸ் மெமோ மாதிரி இருக்கு.

என் கணக்கு இதுதான்: படிச்சதும் எப்படிக் கேக்குதுன்னு தோழி சொன்னா அதை நம்புங்க, அது உங்களுக்குத் தெரிய வழியே இல்ல. யார்கிட்ட எதைச் சொல்றது, எதை மறைக்கிறதுங்கிறதை அவங்க கையில குடுக்காதீங்க. கடைசி ரெண்டு வரியையும் முதல் வரியையும் மாத்துங்க. பென்ஷன் இல்லங்கிறதை முன்னாடி வைங்க, தொகை பின்னாடி வரட்டும். காரணம் தெரிஞ்சப்புறம் தொகை வந்தா ஒரு மாதிரி கேக்கும், முன்னாடி வந்தா வேற மாதிரி கேக்கும்.

மதுரைக்காரி:
என்ன மாத்தினாலும் எழுத்து எழுத்துதான் தாத்தா. போன்ல பேசினா குரல் தெரியும், நடுவுல நிறுத்தி விளக்கலாம். நம்ம ஊர்ல இதெல்லாம் வாய்ப்பேச்சு.

புரூஃப் தாத்தா:
அதுல நியாயம் இருக்கும்மா. ஆனா அவர் எழுத்துல கேட்டிருக்கார். பதிலே இல்லாம "போன்ல பேசலாம்"னா ஏதோ பெருசா இருக்குன்னு ராத்திரி பூரா யோசிப்பார்.

நேர்வழி நாகு:
கடைசியில எல்லாரும் சேர்ந்து எழுதிட்டீங்க. கொடிமுல்லையோட குரல் எங்க?

கொடிமுல்லை:
நாகு சொன்னது உறுத்திச்சு. அதனால யார்கிட்டயும் காட்டாம நோட்ஸ்ல எழுதி (சாட் பெட்டியில எழுதினா கை தவறிப் போயிடும்னு பயம்), ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுட்டு ராத்திரி 9 மணிக்கு அனுப்பிட்டேன்:

"நீங்க கேட்டது நல்லதாப் போச்சு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு நானே யோசிச்சிட்டு இருந்தேன். அப்பாவுக்குப் பென்ஷன் இல்ல. வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து மாசம் 15,000 வீட்டுக்கு அனுப்பறேன், அதைக் கல்யாணத்துக்கு அப்புறமும் நிறுத்துறதா இல்ல. மிச்சத்துல செலவு, சேமிப்பு எப்படின்னு உங்க யோசனையைக் கேக்கணும். நாளைக்கு சாயங்காலம் போன்ல பேசலாமா?"

கடைசி வரி மதுரைக்காரி அக்காவுக்காக. தோழிகிட்ட அனுப்பினதுக்கு அப்புறம்தான் சொன்னேன். "உன் இஷ்டம்"னு ஒரு வரி போட்டா. எமோஜி இல்ல.

ஈரோடு மணி:
அவர் பதில்?

கொடிமுல்லை:
ரெண்டு டிக்கும் நீலம் ஆகி நாப்பது நிமிஷம் கழிச்சு வந்தது: "வெளிப்படையா சொன்னதுக்கு தேங்க்ஸ். வீட்ல அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை பேசிட்டு நாளைக்குக் கூப்பிடறேன்."

மதுரைக்காரி:
அம்மா வந்தாச்சா? நான் அப்பவே சொன்னேன்.

புரூஃப் தாத்தா:
வரட்டுமேம்மா. நிச்சயத்துக்கு அப்புறம் வர்றதுக்கு இப்பவே வந்தது என்ன மோசம்?

மதுரைக்காரி:
உங்களுக்கு என்ன தாத்தா, பொண்ணைப் பெத்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

கொடிமுல்லை:
நாளைக்குக் கூப்பிட்டதும் வந்து சொல்றேன். இப்ப தோழி வீட்டுக்குத்தான் கிளம்பிட்டு இருக்கேன், "உன் இஷ்டம்"னா என்ன அர்த்தம்னு அவ வார்த்தையிலேயே கேக்கணும்.