ஒரே பாட்டிலில் குடிப்பதும் தொண்டைத் தொற்றும்: விடுதியிலும் வீட்டிலும் கண்டவை

விடுதிக் காப்பாளர், கோயம்புத்தூர்

பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் காப்பாளராக இருக்கிறேன். சென்ற பருவத்தில் ஆறு பேர் தங்கும் ஓர் அறையில் தொண்டை வலி ஒருவர் பின் ஒருவராகப் பரவியது. அதை ஓரளவு ஒழுங்காகக் குறித்து வைத்திருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதல் மாணவிக்குத் திங்கட்கிழமை இரவு கடும் காய்ச்சலும், எச்சில் விழுங்கக்கூட முடியாத வலியும் வந்தன. வியாழக்கிழமை இரண்டு பேர் படுத்தார்கள். அவர்களில் ஒருத்தி முதல் மாணவியின் கட்டிலை ஒட்டிய கட்டிலில் உறங்குபவள். தனக்கென்று தனிப் பாட்டில் வைத்திருப்பவள். மற்றொருத்தியின் கட்டில் எதிர்ச் சுவரோரம் இருந்தாலும், அவளும் முதல் மாணவியும் கைப்பந்துக் குழுவில் இருப்பதால், பயிற்சியின்போது உறிஞ்சு மூடி வைத்த ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். சனிக்கிழமை வேறொரு மாடியில் தங்கும் மூன்றாவது குழு உறுப்பினருக்கும் அதே வலி வந்தது. அவளுக்கும் இந்த அறைக்கும் பயிற்சித் திடலைத் தவிர வேறு தொடர்பு இல்லை. ஆனால் முதல் மாணவியோடு ஒரே தட்டில் உண்ணும் நெருங்கிய தோழிக்கு எதுவும் வரவில்லை.

அப்படியானால் குற்றவாளி பாட்டிலா, கட்டிலா? பாட்டில் பகிர்வதைத் தடை செய்து ஓர் அறிவிப்பை ஒட்டினால் போதும் என்று நிர்வாகம் சொல்கிறது. அது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சமுதாய நலச் செவிலியர், மதுரை

காப்பாளர் அம்மா, கட்டிலையும் சேர்த்துக் குறித்து வைத்தது மிக நல்ல காரியம். பெரும்பாலானோர் பாட்டிலோடு நிறுத்திக்கொள்வார்கள். திங்களிலிருந்து வியாழன் வரையான இடைவெளியும் பொருந்துகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எனும் பாக்டீரியாவால் வரும் தொண்டை அழற்சி, கிருமி உள்ளே போன 2 முதல் 5 நாட்களுக்குள் தலைகாட்டும்.

இந்தக் கேள்வியைப் படைவீரர்களின் பாசறைகளில் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து விமானப்படைத் தளம் ஒன்றில், நோயாளிகள் போர்த்திய கம்பளிகளைத் துவைக்காமலேயே புதிய வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கம்பளியில் கிருமி இருந்தது. ஆனாலும் அதைப் போர்த்தியவர்களிடம் நோய் கூடவில்லை. கிருமியைத் தொண்டையில் வைத்திருப்பவரின் கட்டிலுக்கு அருகில் உறங்கியவர்களுக்கே அதிகம் தொற்றியது. காய்ந்து போன கிருமிக்கு வீரியம் குறைவு என்பதும், இருமலிலும் பேச்சிலும் தெறிக்கும் ஈரத் துளியே முதன்மையான வழி என்பதும் அதிலிருந்து கிடைத்த பாடம்.

பாட்டிலின் கதை கம்பளியின் கதையன்று. ஒருவர் உறிஞ்சிய மூடியை அடுத்தவர் அரை நிமிடத்தில் வாயில் வைக்கும்போது அந்த எச்சில் காயவே இல்லை. ஆகவே உங்கள் அறையில் இரண்டு வழிகளும் வேலை செய்திருக்கலாம் என்றே கருதுகிறேன்: பக்கத்துக் கட்டிலுக்குத் துளி வழியாக, குழுவுக்குப் பாட்டில் வழியாக. ஆனால் பயிற்சித் திடலில் அவர்கள் முகத்துக்கு முகம் நின்று கத்தியும் இருப்பார்கள் அல்லவா? இரண்டையும் பிரித்துப் பார்க்க நம்மிடம் வழியில்லை. தோழிக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் உறுதியான விடை கிடையாது. நோய் காட்டாமல் கிருமியைத் தொண்டையில் சுமப்பவர்கள் உண்டு, அவள் அப்படிப்பட்டவளாகவும் இருக்கலாம்.

இரண்டாமாண்டு மாணவர், திருச்சி

அண்ணாந்து குடித்தால் இந்தச் சிக்கலே இல்லை. எங்கள் வீட்டில் சிறுவயதிலிருந்தே உதடு படாமல்தான் குடிக்கச் சொல்லுவார்கள். எச்சில் என்று பெரியவர்கள் விலக்கி வைத்ததில் அறிவியல் இருக்கிறது. போதாததற்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் தொண்டையில் இருக்கும் கிருமி செத்துவிடும்; மாத்திரைக்கே அவசியம் இல்லை.

சமுதாய நலச் செவிலியர், மதுரை

தம்பி சொல்வதில் முதல் பாதி சரி. அண்ணாந்து குடிப்பது எச்சில் வழியைப் பெருமளவு அடைக்கிறது. ஆனால் உறிஞ்சு மூடி வைத்த பாட்டிலில் அண்ணாந்து குடிக்க முடியாது. அகலமான வாயுள்ள பாட்டிலிலும் ஓடி வந்து மூச்சிரைக்கும் ஆட்டக்காரருக்கு உதடு படத்தான் செய்யும். பக்கத்தில் இருமுபவரை அண்ணாந்து குடிப்பது தடுக்காது. உப்பு நீர் வலியைத் தணிக்கும், தாராளமாகக் கொப்பளிக்கலாம். டான்சில் சதையின் மடிப்புகளில் இருக்கும் பாக்டீரியாவை அது ஒழிக்காது.

காப்பாளர் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆறு பேரில் யாருக்காவது மூக்கு ஒழுகலோ, குரல் கம்மலோ இருந்ததா?

விடுதிக் காப்பாளர், கோயம்புத்தூர்

இருந்தது. அந்த அறையிலேயே நான்காவதாக ஒருத்திக்கு இருமலும் சளியும் குரல் கம்மலும் வந்தன, காய்ச்சல் அதிகம் இல்லை. அவளையும் இதே கணக்கில்தான் எல்லோரும் சேர்த்தார்கள். முதல் மூவருக்கு இருமலே இல்லை. தொண்டையில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும்படி நெறி கட்டியிருந்தது. மருத்துவர் அவர்களுக்கு அமாக்சிசிலின் 10 நாட்களுக்கு எழுதினார். நான்காமவளுக்கு ஆவி பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் வேடிக்கை. முதல் மாணவிக்கு மூன்றாம் நாளே வலி போய்விட்டது. அவள் மாத்திரையை நிறுத்திவிட்டு, மீதி அட்டையை நான்காமவளுக்குக் கொடுத்துவிட்டாள். நட்பு என்றால் பாட்டிலோடு நிற்பதில்லை போலும். அடுத்த மாதமே முதல் மாணவிக்கு வலி திரும்ப வந்தது.

சமுதாய நலச் செவிலியர், மதுரை

அப்படியானால் ஒரே அறையில் இரண்டு நோய்கள் இருந்திருக்கின்றன. இருமல், மூக்கு ஒழுகல், குரல் கம்மல் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் வைரஸ்; அதற்கு அந்த மாத்திரையால் பயனில்லை. பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பங்கு இந்த வகைதான். மற்ற மூவருக்கும் பாக்டீரியா என்று அடையாளங்கள் சொல்கின்றன. தொண்டைச் சளியைப் பரிசோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

10 நாட்கள் எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். வலி இரண்டு மூன்று நாளில் போகும், கிருமி முழுமையாகப் போக அதற்கு மேல் ஆகும். சிகிச்சை சரியாக அமையாத சிலருக்கு, குறிப்பாக 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளுக்கு, இரண்டு மூன்று வாரம் கழித்து மூட்டு வீங்கி, இதய வால்வையும் பாதிக்கும் முடக்குக் காய்ச்சல் வரக்கூடும். முதல் மாணவிக்குத் திரும்ப வந்தது பழைய கிருமியா, குழுவிலிருந்து வந்த புதிய தொற்றா என்பதை இப்போது சொல்ல முடியாது. ஆனால் மருந்து தொடங்கி ஒரு முழு நாள் ஆகும் வரையாவது அவளைப் பயிற்சிக்கும் வகுப்புக்கும் அனுப்பாமல் இருந்தால், பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

மருமகள், தஞ்சாவூர்

என் கேள்வியும் இதைச் சார்ந்ததுதான் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளில் ஒன்பது பேர் இருக்கிறோம். மாமியார் குழந்தைக்குச் சோறு பிசைந்து, சூடு பார்க்கத் தன் வாயில் வைத்துவிட்டு அதே கரண்டியால் ஊட்டுகிறார். குழந்தைக்கு ஒன்றரை வயது. குளிர்சாதனப் பெட்டித் தண்ணீர் குடித்துத்தான் தொண்டை கட்டுகிறது, என் கரண்டியால் இல்லை என்கிறார். நான் சொன்னால் மனவருத்தம் ஆகிறது.

சமுதாய நலச் செவிலியர், மதுரை

மருமகளே, குளிர்ந்த நீர் தொண்டையை உறுத்தலாம், கிருமியை உண்டாக்காது. 3 வயதுக்குக் கீழே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை அழற்சி அரிது, எனவே உங்கள் குழந்தையை விடப் பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளையைத்தான் நான் கவனிப்பேன். வீட்டுக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வயதுப் பிள்ளைதான். ஆனால் வைரஸ்கள் வயது பார்ப்பதில்லை. மாமியாரிடம் எச்சில் என்று வாதாட வேண்டாம். அவருக்கென்று இன்னொரு கரண்டியைத் தட்டோரம் வைத்துவிடுங்கள். சூட்டைப் புறங்கையில் தொட்டும் பார்க்கலாம். பெரியவருக்கு இருமல் இருக்கும் நாட்களில் மட்டும் வேறொருவர் ஊட்டட்டும்.

மெஸ் ஒப்பந்தக்காரர், சேலம்

எல்லோரும் பாட்டிலைப் பற்றியே பேசுகிறீர்கள். தட்டும் டம்ளரும் கழுவும் இடத்துக்கு வந்து பாருங்கள் ஐயா. பல மெஸ்களில் ஒரு பெரிய தொட்டியில் சோப்புத் தண்ணீர், அடுத்த தொட்டியில் நல்ல தண்ணீர், அவ்வளவுதான். முதல் ஐம்பது தட்டு போனபின் இரண்டாவது தொட்டியும் சாம்பார் நிறத்துக்கு வந்துவிடும்; அதில் முக்கியெடுத்த டம்ளரை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவார்கள். வெந்நீர் ஊற்றுகிறோம் என்பவர்கள்கூட, கை பொறுக்காததால் பச்சைத் தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கிவிடுவார்கள்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். மிச்சத்தை வழித்துக் கொட்டி, சோப்புப் போட்டு நாரால் தேய்த்து, ஓடும் குழாயில் அலசுகிறோம். பிறகு டம்ளர்களைக் கம்பிக் கூடையில் அடுக்கி, வெப்பமானி வைத்த அண்டாவில் 77 டிகிரி செல்சியசுக்குக் குறையாத நீரில் அரை நிமிடம் முக்குகிறோம். கூடைக்குக் கைப்பிடி இருப்பதால் கை சுடாது. துணியால் துடைப்பதே இல்லை. அந்தத் துணிதான் எல்லா டம்ளரையும் ஒன்றாக்கிவிடும். கவிழ்த்து வைத்தால் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது. எரிவாயுச் செலவு கூடியது என்பதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று: குடிநீர் அண்டாவில் டம்ளரை விட்டு மொண்டு குடிப்பதை நிறுத்திக் குழாய் வைத்தோம். குடித்த டம்ளரே திரும்ப அண்டாவுக்குள் போவதுதான் அங்கே நடந்துகொண்டிருந்தது.

இரண்டாமாண்டு மாணவர், திருச்சி

வெந்நீர் அண்டா வைக்க எங்கள் விடுதியில் இடமே இல்லை. வெறும் சோப்பும் குழாய்த் தண்ணீரும் போதாதா?

மெஸ் ஒப்பந்தக்காரர், சேலம்

தம்பி, நன்றாகத் தேய்த்து, ஓடும் நீரில் அலசி, முழுக்கக் காயவைத்தால் பெருமளவு போதும். தேய்க்காமல் வெந்நீர் மட்டும் ஊற்றுவதை விட அது மேல். விளிம்பைத் தேய்க்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். அவசரத்தில் உள்ளே நாரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உதடு படும் விளிம்பை விட்டுவிடுவார்கள்.

சமுதாய நலச் செவிலியர், மதுரை

காப்பாளர் அம்மா, அறைக்குள் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். கட்டில்களை நகர்த்த இடமில்லையென்றால், ஒருவர் தலை வைக்கும் பக்கம் அடுத்தவர் கால் வைக்கும்படி மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள். செலவே இல்லாமல் முகங்களுக்கு இடையே ஒரு கட்டிலின் நீளம் கிடைக்கும். எல்லாப் பாட்டில்களும் ஒரே கடையில் வாங்கிய ஒரே நிறமாக இருந்தால் கழுத்தில் வண்ண நூல் கட்டட்டும். பல் துலக்கிகளை ஒரே டம்ளரில் முனைகள் உரசும்படி வைக்க வேண்டாம்.

வாயைத் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுதல், மூச்சு விடும்போது சத்தம், தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படிதல், இவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். கடைசியாகச் சொன்னது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய தடுப்பூசியை உங்கள் மாணவிகள் போட்டிருக்கிறார்களா என்று சேர்க்கைப் படிவத்திலேயே கேட்டுவிடலாம்.

விடுதிக் காப்பாளர், கோயம்புத்தூர்

தலை–கால் மாற்றிப் படுக்கும் யோசனைக்கு மாணவிகள் உடனே ஒப்புக்கொண்டார்கள். மின்விசிறிக் காற்று யாருக்கு வரும் என்பதில் மட்டும் சண்டை. கைப்பந்துக் குழுதான் பிடிவாதமாக இருக்கிறது. ஆளுக்கொரு பாட்டில் சுமக்க முடியாது என்று பயிற்சியாளர் சொல்வதால், குழாய் வைத்த ஒரு பெரிய குடுவையும் பெயர் எழுதிய டம்ளர்களும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அந்த டம்ளர்களைத் திடலில் யார் கழுவுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. வேறு கல்லூரிகளில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?