உதவி: பந்தயத்தில் ஜெயிப்பது யார், என் கணக்கு இடிக்கிறது

மார்த்தாண்டம்காரன்: மூன்று வார சைக்கிள் பந்தயம். எங்கள் குழுவில் ஆளாளுக்கு யாருக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று எழுத வேண்டும். மலையேற்றத்துக்கு 50, ஆளாளுக்குத் தனியாக நேரம் பார்த்து ஓட்டும் டைம் டிரையலுக்கு 30, அணிக்கு 20 என்று மதிப்பெண் போட்டேன். முதல் ஆளுக்கு 30 சதவீதம் வருகிறது, வெளிநாட்டில் பணம் கட்டுகிறவர்களுக்குப் போடும் விலையோ 2.00, ஒன்று கட்டி ஜெயித்தால் இரண்டு. அப்படியென்றால் 50தானே? எங்கே தப்பு? ராத்திரிக்குள் வேண்டும்.

நாஞ்சில்: எந்தப் பந்தயம்? டைம் டிரையல் எத்தனை கிலோமீட்டர், சமதளமா ஏற்றமா? மற்றவர்களின் விலை?

பழைய உறுப்பினர்: இதையெல்லாம் சொல்லாமல் வந்து கேட்பதே இங்கே வழக்கமாகிவிட்டது. தம்பி, அணிதான் எல்லாம். மற்றது பேச்சு.

குலசேகரம் ஜோ: கியர் சைக்கிள் சந்தை விலையா? 25,000க்குள் நல்லதாக இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்காரன்: டைம் டிரையல் ஒன்றுதான், 30 கி.மீ., சமதளம். மலை உச்சியில் முடிவது மூன்று நாள். விலை 2.00, 4.00, 5.00, 10.00, மற்ற எல்லாருக்கும் சேர்த்து 10.00.

தக்கலை டீச்சர்: 100ஐ ஒவ்வொரு விலையாலும் வகுத்தால் 50, 25, 20, 10, 10. கூட்டினால் 115. அந்த 15 விலை போடுகிறவரின் லாபம். 50ஐ 115ஆல் வகுத்தால் 43 சொச்சம், முதல் ஆளுக்கு அவ்வளவுதான்.

மிச்ச இடைவெளி உங்கள் மதிப்பெண்ணால் வருவது. பந்தயம் முடிவாவது நேரத்தில், அதனால் விநாடியாக மாற்றுங்கள். உங்கள் ஆள் டைம் டிரையலில் கிலோமீட்டருக்கு 2 விநாடி முந்துவார் என்றால் 30க்கு ஒரு நிமிடம். உச்சிக்கு 40 விநாடி வீதம் பின்தங்கினால் மூன்று நாளில் இரண்டு நிமிடம் போச்சு. பாதை மாறினால் எடையும் மாறும், நிலையான 50-30-20 கிடையாது.

பழைய உறுப்பினர்: அணியை விட்டுவிட்டீர்களே டீச்சர்.

தக்கலை டீச்சர்: 2020 டூர் டி பிரான்ஸ் ஞாபகம் இருக்கிறதா? ரோக்லிச்சின் அணி மலையெல்லாம் வரிசை கட்டி இழுத்தது. கடைசிக்கு முந்தைய நாள் 57 விநாடி முன்னிலை. அன்று 36.2 கி.மீ. டைம் டிரையல், கடைசியில் செங்குத்து ஏற்றம். பொகாச்சர் அவரைவிட 1 நிமிடம் 56 விநாடி வேகமாக வந்து, மொத்தத்தில் 59 விநாடியில் ஜெயித்தார். டைம் டிரையலில் இழுக்க ஆள் கிடையாது.

முப்பந்தல் காற்று: ஆனால் அதே பொகாச்சர் அதே பந்தயத்தில் ஏழாம் நாள் பக்கக்காற்றில் 1 நிமிடம் 21 விநாடி விட்டாரே! ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் ஓட்டிப் பாருங்கள். முன்னால் ஆள் போனால் போகலாம், வரிசை அறுந்தால் காற்றாலையைப் பார்த்துக்கொண்டு தனியாக மிதிக்க வேண்டியதுதான்.

தக்கலை டீச்சர்: அது சரி. அணி நேரம் போகாமல் காக்கும். ஆனால் அணி பலம் விலையிலேயே ஏறியிருக்கும், மேலே தனியாக 20 போட்டால் இரட்டிப்பாகும்.

நாஞ்சில்: பணம் கட்டினால் சட்டம் பாயும், தெரியும்தானே?

பழைய உறுப்பினர்: கேள்வி அதுவா?

நாஞ்சில்: உங்களைக் கேட்கவில்லை.

மார்த்தாண்டம்காரன்: பணமே இல்லை, தோற்றவர் எல்லாருக்கும் பழம்பொரி வாங்க வேண்டும். 43 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அணிக்கு 5 மட்டும் வைத்தேன், மனசு கேட்கவில்லை.

குலசேகரம் ஜோ: அப்போ சைக்கிள்?