எதிர்த்த தெருவில் ரூ.300, என்னிடம் ரூ.500: தங்கச்சிமடத்தில் டியூஷன் நடத்தியதில் கற்றது

தங்கச்சிமடம் டீச்சர்:
ராமேஸ்வரம் பக்கம் எங்கள் ஊரில் ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். முதல் வருடம் 400 ரூபாய் என்று பலகை வைத்தேன். எதிர்த்த தெருவில் 300. பயந்துபோய் 250க்கு இறங்கினேன். ஜூலையில் 31 பிள்ளைகள் வந்தார்கள், தீபாவளிக்குள் 12 ஆகிவிட்டது. கூட்டமாக இருந்த ஜூலையில்கூட வசூல் 7,750தான். வாடகை 3,000, உதவிக்கு வரும் பெண்ணுக்கு 3,000 போனால் கையில் நிற்பது 1,750.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறக்கும்போது விசைப்படகு வீடுகளில் காசே இருக்காது. அந்த நேரத்தில் யார் குறைவாகக் கேட்கிறார்களோ அங்கே கொண்டுவந்து விடுவார்கள். படகு போய் நாலு காசு வந்ததும் வேறு இடம் பார்ப்பார்கள். விலையைப் பார்த்து வந்தவரை விலையை வைத்தே நிறுத்த வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் இரவு ஏழரைக்கு ஓர் அம்மா மூச்சிரைக்க வந்து நின்றார். “டீச்சர், எம்மக இங்கதான இருக்கா?” என்றார். பிள்ளை உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப்பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அந்த வீட்டில் கட்டணத்தைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அடுத்த வருடம் 500 என்று வைத்து, 22 பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்த 500க்கு நான் விற்பது பாடத்தை மட்டுமா, நம்பிக்கையையும் சேர்த்தா என்று யோசித்தபோது கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து ஒருவர்:
நம்பிக்கை வேண்டும் என்றால் ரிசல்ட் காட்டுங்கள், அவ்வளவுதான். நான் பத்தாம் வகுப்பில் 450க்கு மேல் எடுத்த மூன்று பேரின் படத்தை பிளெக்ஸ் அடித்து பஸ் நிறுத்தத்தில் கட்டினேன். ஒரே வாரத்தில் 9 பேர் சேர்ந்தார்கள்.

கீழக்கரைக்காரர்:
வந்தது உண்மையாகத்தான் இருக்கும். வந்த 9 பேர் யார் என்று பார்த்தீர்களா? ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் வீட்டார்தான் பிளெக்ஸைப் பார்த்து வருவார்கள். கணக்கில் 28 எடுக்கிற பையனின் அம்மா அதைப் பார்த்தால், இது நம் பிள்ளைக்கான இடம் இல்லை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார். கவலையோடு இருப்பவர் அவர்தானே.

14 வருடமாக நடத்துகிறேன். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் வாப்பா சபரில், அதாவது வெளிநாட்டில் இருக்கிறார். பணம் அங்கிருந்து வருகிறது, பிள்ளையைப் பார்ப்பது உம்மா. பணம் கொடுப்பவர் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் சோதனைத் தாளை அப்படியே படம் எடுத்து இருவருக்கும் அனுப்புகிறேன், சிவப்பு மையோடு. அந்தப் பிள்ளையின் தாள் மட்டும்தான் போகும், மற்றவர் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு எதுவும் எழுத மாட்டேன். நல்ல தாளைப் பொறுக்கி அனுப்பும் ஆசை வரும். அதற்கு ஒருமுறை இடம் கொடுத்தால் அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் வந்த அன்று நீங்கள் பொய்யராகிவிடுவீர்கள்.

இதில் நட்டமும் உண்டு. ஒரு வாப்பாவிடம் ஆகஸ்டிலேயே, “இந்தப் பையன் இப்போது இருக்கும் நிலையில் கணக்கில் தேற மாட்டான், ஏழாம் வகுப்புப் பின்னத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்” என்று சொன்னேன். கோபப்பட்டுப் பையனை நிறுத்திவிட்டார். திரும்பி வரவே இல்லை. அடுத்த வருடம் அதே தெருவிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர் சொல்லித்தான் வந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாம்பன் மீனவர்:
போன வருடம் ஒரு சென்டரில் மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டு என்றார்கள், அதுவும் மே மாதத்தில். தடைக்காலத்தில் எங்கே போவேன்? மனைவியின் தோட்டை அடகு வைத்துக் கட்டினேன். நவம்பரில் ஆசிரியரே நின்றுவிட்டார், மீதிப் பணம் வரவில்லை. நீங்கள் எல்லாம் நம்பிக்கை என்று பேசுகிறீர்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம். நான் முன்பணம் வாங்குவதில்லை. ஜூன் மாதக் கட்டணத்தை ஜூலை, ஆகஸ்டில் இரண்டாகப் பிரித்துக் கட்டலாம். எங்கள் பக்கம் படகுகள் திங்கள், புதன், சனி போகின்றன. மறுநாள் கரைக்கு வந்த பிறகுதான் கையில் காசு, அதனால் ஒன்றாம் தேதி என்று பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆனால் 500ஐ 400 ஆக்குங்கள் என்று கேட்டால் ஆக்க மாட்டேன். ஒருவருக்குக் குறைத்தால் மீன் ஏலக் கூடத்தில் மறுநாள் காலை எல்லோருக்கும் தெரிந்துவிடும். முழு விலை கொடுத்தவர் ஏமாந்தவர் ஆகிவிடுவார்.

இப்போது என் தோல்வியைச் சொல்கிறேன். பிள்ளை வராவிட்டால் பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போன் செய்வேன் என்று சேரும்போதே வாக்குக் கொடுத்திருந்தேன். உதவிக்கு வரும் பெண் மூன்று நாள் விடுப்பு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அந்த மூன்று நாளும் வராமல் பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். போன் வராததால், பிள்ளை என்னிடம் இருக்கிறான் என்று அவன் அம்மா நிம்மதியாக இருந்தார். மீன் வாங்கப் போன இடத்தில் வேறொருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. வந்து சத்தம் போடவில்லை. “நீங்க போன் பண்ணலையே டீச்சர்” என்று மட்டும் சொன்னார்.

அன்றுதான் புரிந்தது, என் ஏற்பாட்டில் மௌனத்துக்கு இரண்டு அர்த்தம். பிள்ளை வந்துவிட்டான் என்பது ஒன்று, டீச்சர் மறந்துவிட்டார் என்பது இன்னொன்று. வீட்டில் இருப்பவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. தலைகீழாக மாற்றினேன். இப்போது வந்த பிள்ளைக்குத்தான் தகவல். 5.30க்கு வகுப்பு, 5.40க்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு மணி அடிக்கும் மிஸ்டு கால். பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் சரிப்படுகிறது, காசும் இல்லை. 22 பேருக்கு ஆறேழு நிமிடம் ஆகிறது. மணி அடிக்காவிட்டால் அவர்களே கூப்பிடுவார்கள், நான் மறந்தாலும் அகப்பட்டுக்கொள்வேன். சேரும் அன்றே என் முன்னால் அந்த எண் அம்மாவின் கையில் ஒலிக்க வேண்டும். இரண்டு பேர் கொடுத்தது கடலுக்குப் போகும் அப்பாவின் எண், ஒரு பையன் தன் அண்ணன் எண்ணையே கொடுத்திருந்தான்!

தொண்டி அம்மா:
நான் டியூஷன் நடத்துபவள் இல்லை, மகளுக்காக இடம் தேடியவள். முதலில் பார்த்த இடம் மாடி அறை, சார் தனியாக இருந்தார். நல்லவராகவே இருக்கலாம், எனக்கு மனம் ஒப்பவில்லை. இப்போது அனுப்பும் இடத்தில் கட்டணம் அதிகம். தெருவைப் பார்த்த அறை, கதவு திறந்தே இருக்கும், சாரின் அம்மா திண்ணையில் முறுக்கு பிழிந்துகொண்டிருப்பார். அவருக்கு ஏ, பி, சி தெரியாது. என்னைப் பொறுத்தவரை கட்டணத்தில் பாதி அவருக்குத்தான்.

கீழக்கரைக்காரர்:
அந்தத் திண்ணை அம்மாவை எந்த நோட்டீஸிலும் போட முடியாது, ஆனால் தெரு முழுக்கத் தெரியும். டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். வந்ததற்கு மணி அடிக்கிறீர்கள், சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் 7.30க்கு விடும்போது கரண்ட் இல்லாமல் தெரு இருட்டாக இருக்குமே, அப்போது யார் பொறுப்பு? நான் ஒருமுறை வீடுவரை கொண்டுவிடுகிறேன் என்று சொல்லி, இரண்டாவது வாரமே முடியாமல் திணறினேன். செய்ய முடியாததைச் சொல்லி மீறுவது, சொல்லாமலே இருப்பதைவிட மோசம்.

தங்கச்சிமடம் டீச்சர்:
அதற்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. போன மழைக்காலத்தில் 7 மணிக்கே விட்டேன். பத்தாம் வகுப்புக்காரர்கள் அரை மணி நேரம் போகிறதே என்றார்கள். ஞாயிறு காலை ஈடு செய்யலாம் என்றால், காலைப் பூசைக்குப் போகும் வீடுகள் பாதிக்கு மேல்.

பாம்பன் மீனவர்:
பூசை எட்டு மணிக்குள் முடிந்துவிடுமே டீச்சர், ஒன்பதரைக்கு வையுங்கள். அது இருக்கட்டும், ஆறாம் வகுப்பில் ஓர் இடம் காலியாக இருக்கிறதா?