பொருள்: 'ஒப்புதல் விலக்கு' சரியா? நாளை மாலை கெடு

கயல்விழி:
வணக்கம். ஒரு செயலியின் தனியுரிமை அறிவிப்பைத் தமிழாக்குகிறேன். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்பதை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்க வழி செய்ய வேண்டும். ஒருமுறை 'சரி' என்று சொன்ன பயனர், பிறகு 'இனி வேண்டாம், கணக்கை மூடி என் தரவை அழியுங்கள்' என்று எழுதிக் கேட்கலாம். அதில் முதல் பாதிக்கு, பொத்தானுக்கும் கடித மாதிரிக்கும் பொருந்துகிற ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு 'ஒப்புதல் விலக்கு' என்று போட்டிருக்கிறேன்.

இராமநாதன்:
முதலில் 'ஒப்புதலை' விடுங்கள். ஒப்பு என்றால் நிகர். ஒப்புமை, ஒப்பனை, ஏன், ஒப்பாரியும் அந்த வேர்தான். மனம் பொருந்தி உடன்படுவது இசைவு. நரம்பும் குரலும் இசைவதுபோல. 'இசைவு விலக்கல்' என்க. விலகு தன்வினை, விலக்கு பிறவினை, இலக்கணமும் இடிக்காது.

தணிகை:
ஒப்புக்குச் சப்பாணியை விட்டுவிட்டீர்களே ஐயா. செயலிகளில் நாம் தருவது அந்த வகைதான்! என் ஓட்டு 'வாபஸ்'. வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ் என்றால் டீக்கடையில்கூடப் புரியும்.

இராமநாதன்:
டீக்கடைக்காகவா கலைச்சொல் செய்கிறோம்?

தணிகை:
பொத்தானை அமுக்கப்போவது டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்தானே.

செல்வம்:
எனக்கும் இதே தொல்லை. ஒரு கடன் செயலியில் வாங்கிய கடனை அடைத்தாயிற்று. செயலியைப் போனிலிருந்து நீக்கியும் குறுஞ்செய்தி நிற்கவில்லை. எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்?

மெஹருன்னிசா:
செல்வம் அண்ணா, செயலியை நீக்கினால் உங்கள் போனில்தான் போகும்; கணக்கும் தரவும் அவர்களிடம் அப்படியே இருக்கும். போனில் பேசாதீர்கள், குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். அவர் பெயரும் முகவரியும் செயலியிலோ இணையதளத்திலோ இருக்க வேண்டும். 2023 சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, இந்த உரிமைக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் இருக்கிறது. ஆனால் கடன் செயலி என்பதால் நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கொடுத்த ஒப்புதலை எடுத்துக்கொள்ளவும் தரவை அழிக்கச் சொல்லவும் வழி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. இப்படி எழுதுங்கள்:

"இந்தக் கைப்பேசி எண்ணில் உள்ள கணக்குக்கு நான் தந்த ஒப்புதலை இன்று முதல் திரும்பப் பெறுகிறேன். கணக்கை மூடி, என் தரவை அழிக்கவும். நீங்கள் பகிர்ந்தவர்களிடமும் அழிக்கச் சொல்லவும். சட்டப்படி வைத்திருக்க வேண்டியது ஏதேனும் இருந்தால், எது, எந்தச் சட்டப்படி, எதுவரை என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

கடைசி வரிதான் முக்கியம். அடையாள ஆவணங்களைக் கணக்கு முடிந்தபின் 5 ஆண்டு வைத்திருக்கும்படி பணமோசடித் தடுப்புச் சட்டமே சொல்கிறது. அதைக் காட்டித் தொடர்புப் பட்டியலையும் வைத்துக்கொள்ள முடியாது. கடன் முடிந்த சான்றை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடினால் அதற்குள் போக முடியாது.

கயல், 'விலக்கு' ஆபத்து. வரிவிலக்குபோல, 'ஒப்புதல் விலக்கு' என்றால் ஒப்புதலே தேவையில்லை என்று நிறுவனத்துக்குச் சலுகை தந்ததாகப் படிக்கலாம். 'ரத்து' என்றால் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்றும் படிக்கலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அதுவரை செய்தது செல்லும், இனிமேல்தான் நிறுத்த வேண்டும்.

சிவகாமி (யாழ்ப்பாணம்):
இங்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த உரிமை இருக்குது. நாங்கள் 'சம்மதம்' எண்டுதான் சொல்லுவம். ஆனால் 'மீளப்பெறு' எண்டு பொத்தானில் போட்டால், கொம்பனி திரும்பவும் சம்மதம் வாங்கப்போகுது எண்டு என்ர அம்மா நினைப்பா.

கயல்விழி:
இது எனக்குத் தோன்றவே இல்லை! 'திரும்பப் பெறு'வுக்கும் அதே சிக்கல்தான். யார் பெறுவது என்று தெரியவில்லை. தன்மையில் வைத்தால் தீரும்: 'நான் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்'. நீளம்தான். வடிவமைப்பாளர் முறைப்பார்.

தணிகை:
'வாபஸ்' மூன்றே எழுத்து. சொல்லிவிட்டேன்.

இராமநாதன்:
நீங்கள் கேட்டது சொல், இப்போது தருவது வாக்கியம். 'இசைவு நீப்பு' என்பதையாவது பதிவு செய்து வையுங்கள்.

கயல்விழி:
அகராதிக் கோப்பில் உங்கள் மறுப்போடு சேர்த்துவிட்டேன் ஐயா. பொத்தானுக்கு வாக்கியத்தையே அனுப்புகிறேன்.

செல்வம்:
மெஹருன்னிசா சொன்னபடி அனுப்பினேன். 'தங்கள் கணக்கு முடக்கப்பட்டது' என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. முடக்கம் என்றால் அழித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

மெஹருன்னிசா:
இல்லை. தூங்க வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அழித்த தேதியைக் கேட்டு அதே மின்னஞ்சலுக்கு மறுபடி எழுதுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இராமநாதன்:
முடக்கம் 'முடங்கு' என்பதன் பிறவினையிலிருந்து வருவது. இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும்.

கயல்விழி:
புது இழையில் ஐயா, தயவுசெய்து.