ஐயக்கடன் ஒதுக்கா, ஏட்டுநீக்கமா: ஒரு கலைச்சொல் விவாதம்

டவுன் பாத்திரக்கடைக் கணக்கர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கடைக் கணக்கில் வந்த ஒரு குழப்பத்தை முன்வைத்துச் சொல் கேட்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வாடிக்கைக் கடை ஒன்று மூழ்கிவிட்டது. அவர் தரவேண்டிய பாக்கி 1,20,000 ரூபாய். 2024 மார்ச் 31-இல் கணக்கு முடித்தபோது, பாதிதான் தேறும் என்று நினைத்து 60,000-ஐ நட்டமாகக் காட்டினோம். அடுத்த ஆண்டு 30,000 கொடுத்தார். அப்புறம் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார், மீதி 90,000 வராது என்று தெரிந்தது. 2025 மார்ச்சில் அவர் கணக்கை முடித்தோம்.

எனக்கு முன்பிருந்தவர் இரண்டு பதிவுக்கும் "பாக்கி தள்ளுபடி" என்றே எழுதி வைத்திருக்கிறார். முதலில் 60,000, பிறகு 90,000, ஆக மொத்தம் 1,50,000 நட்டம் என்று ஏட்டில் ஏறியிருக்கிறது. அந்த ஆளிடம் இருந்த கடனே 1,20,000, அதிலும் 30,000 வந்துவிட்டது. முதல் பதிவுக்கு ஒரு பெயர், இரண்டாவதற்கு வேறு பெயர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

பாளையங்கோட்டை வணிகவியல் ஆசிரியை:

ஆகியிருக்காது. நம் பள்ளிப் பாடநூல் இரண்டுக்கும் சொல் கொடுத்திருக்கிறது. 2024 மார்ச்சில் செய்தது ஐயக்கடன் ஒதுக்கு. 2025-இல் செய்தது வாராக்கடனைப் போக்கெழுதியது.

வித்தியாசம் வாடிக்கையாளரின் பேரேட்டுப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒதுக்கு எழுதும்போது அந்தப் பக்கத்தை யாரும் தொடுவதில்லை. இலாப நட்டக் கணக்கில் 60,000 பற்று, ஐயக்கடன் ஒதுக்குக் கணக்கில் 60,000 வரவு. ஸ்ரீவைகுண்டத்துக்காரர் பக்கத்தில் 1,20,000 அப்படியே நிற்கும், இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் அதைக் கழித்து 60,000 என்று காட்டுவோம். போக்கெழுதும்போதுதான் அவர் பக்கத்தில் 90,000 வரவு வைத்து மூடுகிறோம். அந்த 90,000-ஐ முதலில் ஏற்கெனவே இருக்கும் ஒதுக்கிலிருந்து ஈடுகட்ட வேண்டும். ஒதுக்கு 60,000 தீர்ந்துபோகும், மீதி 30,000 மட்டும் அந்த ஆண்டின் நட்டம். இரண்டு ஆண்டும் சேர்ந்து 90,000. உங்கள் கடை உண்மையில் இழந்ததும் அதுதான்.

உங்கள் ஏட்டில் ஒதுக்குக் கணக்கைத் திறந்து பாருங்கள் தம்பி. 60,000 இன்னும் அங்கேயே கிடக்கும். எந்தக் கடனாளிக்காக வைத்தோமோ அவர் பேரே ஏட்டில் இல்லை, ஒதுக்கு மட்டும் இருக்கிறது என்றால் நட்டத்தை இரண்டு தடவை எழுதியாயிற்று என்று அர்த்தம்.

மேலப்பாளையம் ஜவுளிக்கடை அக்கா:

டீச்சர், அந்த ஒதுக்கின 60,000 எந்த பேங்க்ல இருக்கு? நானும் வராத பாக்கிக்காக மாசாமாசம் ஆர்.டி. போட்டு வைக்கிறேன். இவங்களும் அப்படிப் போட்டிருந்தா அந்தப் பணத்தை எடுத்துக்கலாமே.

பாளையங்கோட்டை வணிகவியல் ஆசிரியை:

அக்கா, நீங்கள் செய்வது சேமிப்பு, அது நல்ல பழக்கம். ஆனால் ஐயக்கடன் ஒதுக்கில் ஒரு ரூபாய்கூட நகர்வதில்லை. வரவேண்டிய பாக்கி இவ்வளவுதான் பெறும் என்று மதிப்பைக் குறைத்து எழுதுகிறோம், அவ்வளவே. நீங்கள் கேட்டது எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் என் மாணவர்களில் பலரும் இதையே கேட்கிறார்கள். "ஒதுக்கு" என்றதும் பணத்தை எடுத்து வைத்த மாதிரித்தான் தோன்றுகிறது. வேறு சொல் யாருக்காவது தோன்றுகிறதா?

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அம்பாசமுத்திரம்:

"ஐயக்கடன் ஈடு" என்று வைக்கலாம். வரப்போகும் நட்டத்துக்கு ஈடு என்ற பொருளில்.

இன்னொன்று. தம்பி கடை 2024-லேயே அந்த 60,000-க்கு வருமானவரிக் கழிவு எடுத்திருக்கலாமே? வங்கியில் கடன் 90 நாள் நிலுவையில் நின்றாலே வாராக்கடன் என்று வகைப்படுத்தி ஒதுக்கு வைப்போம், அதற்கு வரிக்கழிவும் உண்டு.

தென்காசி ஆடிட்டர்:

அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி. ஒதுக்குக்கு வரிக்கழிவு என்பது வங்கிகளுக்கும் வேறு சில நிதி நிறுவனங்களுக்கும் மட்டும், அதுவும் வரம்புக்குள். பாத்திரக்கடைக்குக் கிடையாது. இந்த இரண்டு ஆண்டுக்கும் பொருந்தும் 1961 வருமானவரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவில், வாராக்கடன் கணக்கேட்டில் நீக்கப்பட்ட ஆண்டில்தான் கழிவு. வெறும் ஒதுக்கு போதாது என்று அங்கேயே விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். கடன் உண்மையிலேயே வராது என்று அதிகாரியிடம் நிரூபிக்க வேண்டியதில்லை, ஏட்டில் நீக்கியிருந்தால் போதும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த விற்பனை முன்பே வருமானத்தில் சேர்ந்திருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை.

ஆகவே இந்தக் கடைக்கு 2023-24 வரிக் கணக்கில் அந்த 60,000-ஐ இலாபத்தோடு திரும்பக் கூட்டியிருக்க வேண்டும். 2024-25-இல் 90,000 முழுவதும் கழியும், இலாப நட்டக் கணக்கில் 30,000 மட்டுமே தெரிந்தாலும். "தள்ளுபடி" என்று ஒரே பெயர் போட்டிருந்தால் முதல் ஆண்டே கழித்திருப்பார்கள், துறை அதை மறுத்திருக்கும். தம்பி, அந்த ஆண்டின் வரிக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள்.

"ஈடு" எனக்குப் பிடிக்கவில்லை. நம் பக்கத்தில் ஈடு என்றால் நகையோ பத்திரமோ அடமானம் வைத்தது. "ஐயக்கடன் ஈடு" என்று படிப்பவர், அந்தக் கடனுக்குப் பிணையம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஒன்றுமே இல்லாத இடத்தில் பிணையம் இருப்பதாக நினைப்பது பெரிய ஆபத்து.

டவுன் பாத்திரக்கடைக் கணக்கர்:

ஒதுக்குக் கணக்கில் 60,000 அப்படியே கிடக்கிறது டீச்சர், நீங்கள் சொன்ன மாதிரியே. திருத்திவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். கணக்கை மூடிவிட்டதால் அவரிடம் இனிக் கேட்க முடியாது என்கிறார் முதலாளி. அவர் இப்போது தூத்துக்குடியில் கடை வைத்திருப்பதாகக் கேள்வி.

தென்காசி ஆடிட்டர்:

தாராளமாகக் கேட்கலாம். ஏட்டில் நீக்கியது உங்கள் கடைக்குள் நடந்த விஷயம், அவர் கடனை நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. காலவரம்பு 3 ஆண்டு. அது முடியுமுன் அவர் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டிருந்தால் அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டு. அந்த 30,000-ஐக் கொடுத்தபோது கையெழுத்திட்டு ஏதாவது எழுதித் தந்தாரா என்று தேடுங்கள். பணம் வந்தால் அவர் பழைய பக்கத்தில் வரவு வைக்காதீர்கள், "வாராக்கடன் வசூல்" என்று தனி வருமானமாகக் காட்டுங்கள். வரியும் உண்டு.

இதனால்தான் "தள்ளுபடி" என்ற சொல்லை இந்த இடத்தில் வைக்கவே கூடாது என்கிறேன். தள்ளுபடி என்றால் கொடுத்தவன் உரிமையையே விட்டுவிட்டான். விவசாயக் கடன் தள்ளுபடி என்கிறோமே, அது. வங்கிகள் ஏட்டில் நீக்கிய கடனையும் செய்தித்தாள்கள் அதே சொல்லால் எழுதுவதால், வசூல் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மன்னித்துவிட்டதாக மக்கள் நினைக்கிறார்கள். என் முன்மொழிவு "ஏட்டுநீக்கம்". ஏட்டிலிருந்துதான் நீக்கம், கடன் இருக்கிறது என்பது சொல்லிலேயே தெரியும்.

பாளையங்கோட்டை வணிகவியல் ஆசிரியை:

ஏட்டுநீக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தேர்வில் "போக்கெழுதுதல்" என்றுதான் எழுதுகிறார்கள், அதைத் திடீரென்று மாற்ற எனக்கு மனம் வரவில்லை. இலங்கைப் பாடநூல்களில் "பதிவழித்தல்" என்றும், ஒதுக்குக்கு "ஐயக்கடன் ஏற்பாடு" என்றும் இருக்கிறது. "ஏற்பாடு" என்றால் அக்காவுக்கு வந்த சந்தேகம் வராது என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், அம்பாசமுத்திரம்:

ஈடு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏற்பாடு என்றால் கல்யாண ஏற்பாடுதான் ஞாபகத்துக்கு வரும். ஒதுக்கே இருக்கட்டும்.

மேலப்பாளையம் ஜவுளிக்கடை அக்கா:

எனக்கு ஏற்பாடுதான் புரியுது.

டவுன் பாத்திரக்கடைக் கணக்கர்:

எங்கள் ஏட்டில் இப்போதைக்கு "ஐயக்கடன் ஒதுக்கு", "ஏட்டுநீக்கம்" என்று இரண்டு தலைப்புத் திறந்துவிட்டேன். அந்த 90,000-க்குள் நாங்கள் ஏற்கெனவே அரசுக்குக் கட்டிய ஜிஎஸ்டியும் இருக்கிறது. அது திரும்பக் கிடைக்குமா?

தென்காசி ஆடிட்டர்:

கிடைக்காது. பாக்கி வரவில்லை என்பதற்காக ஜிஎஸ்டியைக் குறைத்துக்கொள்ள நம் சட்டத்தில் வழியில்லை. அந்த வரிப் பகுதியையும் வருமானவரியில் வாராக்கடனாகக் கழிக்கலாமா என்பது, நீங்கள் விற்பனையை வரியோடு சேர்த்து எழுதினீர்களா, தனியாக எழுதினீர்களா என்பதைப் பொறுத்தது. பில்லையும் பேரேட்டையும் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.