அரியர் 135 ரூபாய் குறைகிறது, மாட்யூலில் எங்கே பார்ப்பது?

ஓசூர் பேரோல்:
எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் 1 முதல் இன்கிரிமென்ட் என்று ஜூலையில்தான் கடிதம் வந்தது. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத அரியரை ஜூலைச் சம்பளத்தோடு போடுகிறோம். ஒரு ஊழியருக்கு மட்டும் கணக்கு இடிக்கிறது.

பேசிக் 18,000லிருந்து 21,000. எச்ஆர்ஏ பேசிக்கில் 40 சதவீதம், ஆகவே 7,200லிருந்து 8,400. ஸ்பெஷல் அலவன்ஸ் 6,000, அதில் மாற்றமில்லை. மாதம் 4,200 கூடுதல். மே மாதம் அவருக்கு 3 நாள் லாஸ் ஆஃப் பே. நான் கையால் போட்டது:

```
ஏப்ரல்  4200
மே      4200 × 28/31 = 3793.55
ஜூன்    4200
மொத்தம் 12193.55
```

மாட்யூல் காட்டுவது 12,058.06. இன்னும் லாக் செய்யவில்லை, டிராஃப்ட் ரன்தான்.

மலைக்கோட்டை:
நாள் கணக்கைப் பாருங்கள். நீங்கள் 31ஆல் வகுத்திருக்கிறீர்கள், மாட்யூலில் 30 என்று செட்டிங் இருக்கும். எங்கள் கம்பெனியில் இதே தொல்லைதான்.

ஓசூர் பேரோல்:
பார்த்துவிட்டேன் சார், காலண்டர் நாள் என்றுதான் இருக்கிறது. 30 வைத்துப் போட்டாலும் மே மாதத்துக்கு 3,780 வருகிறது. அதில் வித்தியாசம் 13 ரூபாய் சொச்சம்தான்.

வரிக்கணக்கு:
அரியர் என்றால் ஃபார்ம் 10இ போடச் சொல்லுங்கள், வரிச்சலுகை கிடைக்கும்.

ஓசூர் பேரோல்:
மூன்று மாதமும் இதே நிதியாண்டுதானே சார், அதற்கு வேலையே இல்லை. என் கேள்வி வரி பற்றியது அல்ல.

பழைய அக்கவுன்டன்ட்:
4,200ஐ 31ஆல் வகுத்துப் பாருங்கம்மா. 135.48. சரியாக ஒரு நாள் கூடுதல் தொகை. அப்படியென்றால் மாட்யூல் மே மாதத்துக்கு 27 நாள்தான் எடுத்திருக்கிறது. 3 நாள் என்று எங்கிருந்து எடுத்தீர்கள், வருகைப் பதிவிலிருந்தா? மே பேஸ்லிப்பைத் திறந்து அதில் எத்தனை நாள் என்று சொல்லுங்கள்.

ஓசூர் பேரோல்:
பேஸ்லிப்பில் 4 நாள்! மேனேஜர் ஒரு லீவைத் தாமதமாக அப்ரூவ் செய்திருக்கிறார். அந்த ஒரு நாளை ஜூனில் 'எல்ஓபி ரிவர்சல்' என்று தனி வரியாகக் கொடுத்திருக்கிறோம், 1,006.45.

பழைய அக்கவுன்டன்ட்:
அதேதான். அரியர் ஓடும்போது அது மே பேஸ்லிப்பின் நாள்களை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய சம்பளத்துக்குப் பதில் புதியதைப் போட்டுக் கழிக்கிறது. ஜூனில் கொடுத்த அந்த ஒரு நாள் அதன் கண்ணுக்கு மே மாதமாகவே தெரியாது. ஜூன் பேஸ்லிப்பில் ஒரு தொகை, அவ்வளவுதான். பழைய கிராஸ் 31,200ஐ 31ஆல் வகுத்த 1,006.45 தான் அது. புதிய கிராஸ் 35,400க்கு 1,141.94 வர வேண்டும். அந்த இடைவெளிதான் உங்கள் 135.

சில மாட்யூல்களில் ரிவர்சல் வரியையும் அரியரில் மறுகணக்கிடு என்று ஒரு டிக் இருக்கும், முதலில் அதைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ஜூலையில் 135.48ஐ ஒருமுறைத் தொகையாகப் போட்டு, குறிப்பில் காரணத்தை எழுதிவிடுங்கள்.

ஆனால் ஒன்று. மே மாதத்துக்குள் போய் 4ஐ 3 ஆக்கிவிடலாம் என்று கை பரபரக்கும், வேண்டாம். புது மே 31,974.19, ஏற்கெனவே கொடுத்தது 27,174.19. கழித்தால் அரியர் 4,800 என்று வரும். ஜூனில் கொடுத்த 1,006.45 அதற்குள் மறுபடியும் போய்விடும். இந்த மாதிரி இரட்டைப் பணத்தைப் பிறகு திரும்பக் கேட்பதுதான் பெரிய தலைவலி.

அப்புறம், ஒருவருக்கு இப்படி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை ரிவர்சல் வாங்கிய எல்லோருக்கும் இதே கதைதான். அந்த வரி உள்ளவர்களை மட்டும் ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள்.

ஓசூர் பேரோல்:
எடுத்தேன் சார், இன்னும் சிலர் இருக்கிறார்கள். டிக் எதுவும் கிடைக்கவில்லை, ஒருமுறைத் தொகையாகவே போடுகிறேன். இன்னொன்று: அரியரில் பிஎஃப் 1,034 பிடித்திருக்கிறது. நாங்கள் 15,000 உச்சவரம்போடு 1,800 தானே பிடிக்கிறோம்?

பழைய அக்கவுன்டன்ட்:
அரியர் பேசிக் 8,612.90க்கு 12 சதவீதம் போட்டிருக்கிறது. அது தப்பு. உச்சவரம்பை அந்தந்த மாதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். லாஸ் ஆஃப் பே போக மே மாதமே பேசிக் 15,677 வந்து, முழு 1,800 போயிருக்கிறது. ஆக உங்கள் முறைப்படி அரியரில் பிஎஃப் பூஜ்யம். அரியர் பேசிக் என்ற காம்பொனென்ட்டில் பிஎஃப் கொடி தனியாக ஏறியிருக்கும். அதை எடுத்தால் 15,000க்குக் கீழே பேசிக் உள்ளவர்களுக்கும் பிடிக்காமல் போய்விடும், ஜாக்கிரதை.

கோவை ராகவி:
நான் ஜூன் 20 அன்று ரிலீவ் ஆனேன். எனக்கும் ஏப்ரல், மே அரியர் உண்டா? ஹெச்ஆர் லிஸ்டில் பெயரே இல்லை என்கிறார்கள்.

மலைக்கோட்டை:
செட்டில்மென்ட் முடிந்தவர்களை மாட்யூல் தானாக எடுக்காதுங்க. உண்டா இல்லையா என்பது உங்கள் இன்கிரிமென்ட் கடிதத்தைப் பொறுத்தது. கடிதம் வந்ததா?

ஓசூர் பேரோல்:
கொடியை எடுக்காமல் மாதவாரியாக உச்சவரம்பு பார்க்க வைக்க வழி உண்டா? வென்டாரிடம் டிக்கெட் போட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. இப்போதைக்கு அந்த 1,034ஐ டிராஃப்டில் கையால் நீக்கி வைத்திருக்கிறேன்.