[சொல்லாக்கம்] ரயில் மின்மாற்றியும் மூன்று பேஸும்: "அன்பேலன்ஸ்" தமிழில் என்ன?

மாலதி, பட்டர்வொர்த். திங்கள் இரவு

குழுவினருக்கு வணக்கம். எங்கள் இடைநிலைப்பள்ளித் தமிழ்க் கழகப் பிள்ளைகள், இடிஎஸ் ரயிலுக்கு மின்சாரம் எப்படி வருகிறது என்று ஒரு மாதிரி செய்திருக்கிறார்கள். விளக்கப் பலகைகள் மலாயிலும் தமிழிலும். வியாழன் மாலைக்குள் அச்சகத்தில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன்:

"ரயிலுக்கான மின்மாற்றி மூன்று பேஸில் இரண்டை மட்டும் பிடித்து மின்சாரம் எடுப்பதால் மின்கட்டமைப்பில் ______ உண்டாகிறது."

மலாயில் 'கெதிடாக்ஸெய்ம்பாங்ஙான்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நான் 'ஏற்றத்தாழ்வு' என்று போட்டேன். "டீச்சர், இது அறிவியலா, சமூகவியலா?" என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். பேஸ் என்பதற்கும் சேர்த்து ஒரு வழி சொல்லுங்கள்.

சுப்பிரமணியம், செந்தூல். திங்கள் நள்ளிரவு

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. ஆடு ஆட்டம், ஓடு ஓட்டம், கோடு கோட்டம். கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். தராசு முள் ஒரு பக்கம் போவதை வள்ளுவர் "ஒருபால் கோடாமை" என்று எதிர்மறையில் வைத்தார். ஆகவே மூன்று பேஸும் ஒன்றுபோல் இல்லாத நிலை 'மின்கோட்டம்'.

இதே அடியிலிருந்துதான் வளைந்த கொம்புக்குக் கோடு என்று பெயர். யானைத் தந்தமும் கோடு, மலைமுகடும் கோடு, திருச்செங்கோடு அப்படி வந்தது. கோணம், கூன், குனிதல் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. இதைத் தனி மடலில் விரித்து எழுதுகிறேன். 'சமன்' வேண்டவே வேண்டாம், அது வடசொல்.

கவின், பங்சார். செவ்வாய் காலை

ஐயா, நீங்கள் காட்டிய அதே குறள் "சமன்செய்து" என்றுதானே தொடங்குகிறது? வள்ளுவருக்கு ஆகிற சொல் நமக்கு ஆகாதா?

தவிர, தமிழ்நாட்டில் 'மின் கோட்டம்' என்றால் மின்வாரியத்தின் ஓர் அலுவலகப் பிரிவு. "ரயிலால் மின்கோட்டம் உண்டாகிறது" என்று படிப்பவர் புதிதாக அலுவலகம் திறக்கிறார்கள் என்று நினைப்பார்.

சுப்பிரமணியம், செந்தூல். செவ்வாய் காலை

அப்படியானால் 'நிகரின்மை'. நிகர் தூய தமிழ்.

மாலதி, பட்டர்வொர்த். செவ்வாய் நண்பகல்

ஐயா கோபிக்கக் கூடாது. "ரயிலால் மின்கட்டமைப்பில் நிகரின்மை உண்டாகிறது" என்றால் ரயில்வேக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்தது போல் இருக்கிறது. 'ஒப்பின்மை'யும் அப்படியே, கடவுளுக்குத்தான் பொருந்தும்.

ஞானசேகரன், பிரிக்ஃபீல்ட்ஸ். செவ்வாய் இரவு

பேர் வைப்பதற்கு முன் பிள்ளையைப் பார்த்துவிடுவோம். நான் மின்கட்டமைப்புப் பாதுகாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

ரயிலுக்கு மேலே ஒரு கம்பி, கீழே தண்டவாளம், அவ்வளவுதான். அதனால் அதற்கு ஒற்றை பேஸ்தான் கொடுக்க முடியும். நம் கேடிஎம் மின்பாதையில் அது 25 கிலோவோல்ட். எளிய ஏற்பாட்டில் மின்மாற்றியின் மேல்பக்கச் சுருளை இரண்டு பேஸுக்கு நடுவே, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் என்று வையுங்கள், மாட்டுவார்கள். கீழ்ப்பக்கச் சுருளின் ஒரு முனை மேல்கம்பிக்கு, மறுமுனை தண்டவாளத்துக்கு. நீல பேஸிலிருந்து ரயிலுக்கு ஒரு ஆம்பியர்கூடப் போகாது.

கணக்குக்கு 132 கிலோவோல்ட் இணைப்பு, ரயில்கள் எடுப்பது 20 எம்விஏ என்று வைத்துக்கொள்வோம். சிவப்பிலும் மஞ்சளிலும் சுமார் 152 ஆம்பியர், நீலத்தில் சுழி. இதைப் பிரித்துப் பார்த்தால் வழக்கமான திசையில் சுழலும் மூன்று பேஸ் ஓட்டம் 87 ஆம்பியர், எதிர்த்திசையில் சுழலும் ஓட்டம் இன்னொரு 87 ஆம்பியர். இரண்டும் சரிபாதி. ரயிலுக்கு வேலை செய்வது முதலாவது. கட்டமைப்பைக் கெடுப்பது இரண்டாவது.

எவ்வளவு கெடுக்கும் என்பது ரயிலைப் பொறுத்தது மட்டுமில்லை, அந்த இடத்தில் கட்டமைப்பு எவ்வளவு வலுவானது என்பதையும் பொறுத்தது. அங்கே ஷார்ட் சர்க்யூட் திறன் 2000 எம்விஏ என்றால், 20-ஐ 2000-ஆல் வகுங்கள்: மின்னழுத்தத்தில் 1 விழுக்காடு. ஒரு லைன் பழுதுக்காக நிறுத்தப்பட்டு அதே இடம் 1000 எம்விஏ-வாக இளைத்துவிட்டால், அதே ரயில், அதே சுமை, 2 விழுக்காடு. ஐரோப்பிய நெறியான இஎன் 50160, பத்து நிமிடச் சராசரிகளில் ஒரு வாரத்தின் 95 விழுக்காட்டு நேரம் 2-ஐத் தாண்டக்கூடாது என்கிறது. ஆக எல்லையில் நிற்கிறோம்.

ஆகவே சொல்லும் இரண்டு இடத்துக்குப் பொருந்த வேண்டும். மின்னோட்டத்தில் உள்ளது காரணம், அது எப்போதும் பெரிது. மின்னழுத்தத்தில் உள்ளது விளைவு, அது சிறிது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரனையும் தொடும். 'மின்கோட்டம்' என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. என் ஓட்டு 'சமனின்மை'க்கு: மின்னோட்டச் சமனின்மை, மின்னழுத்தச் சமனின்மை.

கவின், பங்சார். செவ்வாய் இரவு

அருமை ஐயா. ஆனால் இது பழைய பிரச்சினை இல்லையா? ஸ்காட் மின்மாற்றி போட்டால் மூன்று பேஸிலிருந்தும் எடுக்கும், சமனின்மையே இருக்காது. ஜப்பானில் ஷின்கான்சென் பாதைகளில் போட்டிருக்கிறார்கள். பலகையில் "உண்டாகிறது" என்பதற்குப் பதிலாக "உண்டானது" என்று போடலாமே?

ஞானசேகரன், பிரிக்ஃபீல்ட்ஸ். புதன் காலை

தம்பி, பாதி சரி. ஸ்காட் இணைப்பு மூன்று பேஸை, ஒன்றுக்கொன்று 90 பாகை தள்ளி நிற்கும் இரண்டு ஒற்றை பேஸாக மாற்றும். ஒன்று வடக்குப் பக்கப் பாதைக்கு, மற்றது தெற்குப் பக்கத்துக்கு. இரண்டு பக்கமும் ஒரே சுமை இருந்தால்தான் நீ சொல்வது நடக்கும்.

வடக்கே 12 எம்விஏ, தெற்கே 4 என்று வை. மிஞ்சுவது வித்தியாசம், 8. அந்த 8 எம்விஏ-வை இரண்டு பேஸில் மாட்டினால் என்ன கெடுதியோ அதே கெடுதி. தெற்கே ரயிலே இல்லாத நேரத்தில் 12-உம் அப்படியே விழும், ஸ்காட் இருந்தும் பயனில்லை. நிமிடத்துக்கு நிமிடம் ரயில் வந்துபோகும் பாதையில் இரு பக்கமும் ஓரளவு ஒத்துப்போகும். மணிக்கு ஓரிரண்டு ரயில் ஓடும் பாதையில் அந்த நம்பிக்கை கிடையாது.

அதனால் பல நாடுகளில் மலிவான வழியையே பிடிக்கிறார்கள். முதல் துணைமின் நிலையத்தைச் சிவப்பு–மஞ்சளில் மாட்டு, அடுத்ததை மஞ்சள்–நீலத்தில், அதற்கடுத்ததை நீலம்–சிவப்பில். தூரத்திலிருக்கும் பெரிய ஜெனரேட்டருக்கு மூன்றும் சேர்ந்து ஓரளவு சமனாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கத்தில் இருப்பவனுக்கு அவன் நிலையத்தின் சமனின்மை குறையாது. "உண்டாகிறது" என்பதே இருக்கட்டும்.

முத்தையா, பிறை. புதன் நண்பகல்

சொல் பற்றி எனக்குத் தெரியாது. படிப்பதோடு சரி. ஆனால் இதைப் படித்ததும் வயிறு எரிகிறது. எங்கள் பட்டறையில் கம்ப்ரசர் மோட்டார் ஓவர்லோடு என்று அடிக்கடி விழுகிறது. காயில் ஒருமுறை கருகியே போச்சு. நான் அளந்தபோது மூன்று ஜோடியிலும் 412, 404, 396 வோல்ட். தண்டவாளம் எங்களுக்குக் கிட்டத்தான். அப்போ இது ரயில் செய்த வேலையா? யாரிடம் கேட்பது?

ஞானசேகரன், பிரிக்ஃபீல்ட்ஸ். புதன் மாலை

முத்தையா அண்ணே, சராசரி 404, அதிலிருந்து அதிக விலகல் 8. அதாவது ஏறக்குறைய 2 விழுக்காடு. பார்க்கச் சின்னதுதான். ஆனால் எதிர்த்திசையில் சுழலும் அந்தப் பங்குக்கு மோட்டார், அப்போதுதான் ஸ்டார்ட் ஆகிற மோட்டார் மாதிரித் தெரியும், தடை மிகக் குறைவு. ஸ்டார்ட்டிங்கில் ஆறு மடங்கு இழுக்கும் மோட்டார் என்றால் 2 விழுக்காடு அழுத்தச் சமனின்மைக்கு 12 விழுக்காடு அளவில் ஓட்டச் சமனின்மை வரும். ரோட்டரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கிட்டத்தட்ட ஓடும் அந்த ஓட்டம் வேலை செய்யாது, சூடு மட்டும் ஏற்றும். உங்கள் மோட்டார் விழுவதற்கு இது போதும்.

ஆனால் ரயில்மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒருமுறை அளந்தால் போதாது. மூன்று வோல்ட்டையும் நிமிடத்துக்கு ஒருமுறை பதிகிற மீட்டரை ஒரு நாள் முழுக்க வையுங்கள். ரயில் காரணம் என்றால் வித்தியாசம் வரும், சில நிமிடம் நிற்கும், போய்விடும், பின்னிரவில் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் 412-உம் 396-உம் நாள் முழுக்க அசையாமல் நின்றால் அது ரயில் இல்லை. பட்டறையின் ஒற்றை பேஸ் சுமையெல்லாம் ஒரே பேஸில் குவிந்திருக்கும், அல்லது எங்கோ ஒரு ஜாயிண்ட் தளர்ந்திருக்கும், அல்லது கெப்பாசிட்டர் பெட்டியில் ஒரு ஃப்யூஸ் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை நிறுத்திவிட்டு அளந்தாலே பாதி தெரிந்துவிடும்.

முத்தையா, பிறை. புதன் இரவு

நிறுத்திவிட்டு அளந்ததே இல்லை. வெல்டிங் செட் மூன்றும் ஒரே பக்கம்தான் இருக்கு. பார்க்கிறேன்.

சுப்பிரமணியம், செந்தூல். புதன் இரவு

பொறியியல் எல்லாம் சரி. ஆனால் கணக்குப் பாடத்தில் 'சமனிலி' என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் சமனின்மையையும் சமனிலியையும் குழப்பிக்கொள்ளமாட்டார்களா? 'கோட்டம்' என்றால் இந்தக் குழப்பமே இல்லை. எதிர்த்திசையில் சுழலும் அந்த ஓட்டத்துக்கு என்ன பெயர் என்றும் யாரும் சொல்லவில்லை. 'எதிர்வரிசை' என்று எங்கோ பார்த்தேன். வரிசை என்றால் கியூ. 'எதிர்ச்சுழல்' என்பதே பொருந்தும்.

ஞானசேகரன், பிரிக்ஃபீல்ட்ஸ். வியாழன் காலை

'எதிர்ச்சுழல்' நன்றாக இருக்கிறது, ஐயா. எனக்கு இது தோன்றவில்லை. 'கோட்டம்' மட்டும் விட்டுவிடுங்கள்.

மாலதி, பட்டர்வொர்த். வியாழன் நண்பகல்

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். 'சமனின்மை' போட்டிருக்கிறேன், நால்வரில் மூவர் கேட்டதால். முத்தையா அண்ணனை எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. பேஸுக்கு இலங்கைப் புத்தகத்தில் 'அவத்தை', தமிழ்நாட்டில் 'கட்டம்', பேச்சில் 'முனை' என்று மூன்று இருப்பதால், பிள்ளைகளுக்குத் தெரிந்த 'மும்முனை'யையே வைத்தேன். இரண்டாம் பலகையில் 'எதிர்ச்சுழல்' வருகிறது, சுப்பிரமணியம் ஐயாவுக்கு நன்றி.

சுப்பிரமணியம், செந்தூல். வியாழன் மாலை

முனை என்றால் நுனி. பேஸுக்கு ஏது நுனி? என் சொற்பட்டியலில் 'கோட்டம்' அப்படியே இருக்கும், மாற்றுவதாக இல்லை. போகட்டும். இரண்டு துணைமின் நிலையங்களின் மின்சாரம் சந்திக்கும் இடத்தில் மேல்கம்பியில் ஒரு துண்டு விடுவார்களே, 'நியூட்ரல் செக்சன்', அதற்குப் பலகையில் 'நடுநிலைப் பகுதி' என்று போட்டுவிடவில்லையே?

மாலதி, பட்டர்வொர்த். வியாழன் மாலை

போட்டுவிட்டேன் ஐயா.

ஞானசேகரன், பிரிக்ஃபீல்ட்ஸ். வியாழன் இரவு

அங்கே நடுநிலை ஒன்றுமில்லை அம்மா. அந்தத் துண்டில் மின்சாரமே இல்லை. இரண்டு பக்கமும் தனித்தனி 25 கிலோவோல்ட், ஆனால் கோணம் வேறு. 120 பாகை தள்ளியிருந்தால் இரண்டுக்கும் இடையே 43 கிலோவோல்ட் நிற்கும். ரயில் சுமையைத் துண்டித்துவிட்டுத்தான் அதைக் கடக்கும், இல்லையென்றால் பொறி பறக்கும். 'மின்னற்ற துண்டு' என்று மேலே ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிவிட முடியுமா?

கவின், பங்சார். வியாழன் இரவு

'மின்னிலித் துண்டு'?

சுப்பிரமணியம், செந்தூல். வியாழன் இரவு

'இலி' உயர்திணைக்கு. காலையில் விரிவாக எழுதுகிறேன்.